துருப்பிடித்த ஹீட்டர் எலிமெண்ட் அசைய மறுக்கிறது: என்ன செய்யலாம்?

வணக்கம். நின்றவாக்கில் இருக்கும் மின்சார வாட்டர் ஹீட்டர். அதன் கீழ் எலிமெண்ட் எரிந்துவிட்டது. மரையிட்டுத் திருகும் வகை, ஒன்றரை அங்குல அறுகோணத் தலை. மெயின் சுவிட்சை அணைத்து, டெஸ்டரால் சோதித்து, வயர்களையும் கழற்றிவிட்டேன். தொட்டியைக் காலி செய்யவில்லை. நீரின் எடை இருந்தால்தான் திருகும்போது தொட்டி கூடவே சுழலாது.

துரு இளக்கும் எண்ணெயைத் தலையின் ஓரம் முழுக்க அடித்து இரவு முழுவதும் ஊறவிட்டேன். பலன் இல்லை. மரை இருப்பது வாஷருக்கு உட்புறம், நீர்ப் பக்கம். வாஷர் இறுகியிருக்கும்வரை எண்ணெய் அங்கே போய்ச் சேராது என்றே நினைக்கிறேன். முதல் கால் சுற்று கிடைத்தால் போதும், பிறகு எண்ணெய் வேலை செய்யும்.

சிக்கல் ஸ்பேனரில்தான். கடையில் எலிமெண்டுக்கென்று விற்கும் குழாய் ஸ்பேனர் மெல்லிய தகடு. அழுத்தினால் வாய் விரிந்து வழுக்குகிறது. தலையின் முனைகள் மழுங்கத் தொடங்கிவிட்டன. இனி அதைத் தொடப்போவதில்லை.

ஆறு முனை கொண்ட கனமான சாக்கெட்டும் நீளக் கைப்பிடியும் வாங்கினால் பிடிக்குமா? முதலில் சற்றே இறுக்கிப் பார்த்துவிட்டுப் பிறகு இடப்புறம் திருப்புவது உதவுமா? சுத்தியலால் தட்டத் தயக்கமாக இருக்கிறது. உள்ளே கண்ணாடிப் பூச்சு, அது விரிசல் விட்டால் தொட்டியே துருப்பிடிக்கும். இம்பாக்ட் ரெஞ்சின் அதிர்வும் அதே கேட்டைச் செய்யுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.