காலை கேப் ஸ்கேனில் இல்லாத சரிவு வருகிறது: பிழை எங்கே?

கேள்வி

வணக்கம். சந்தை திறந்த ஐந்தாவது நிமிடத்தில் ஓடும்படி ஒரு சிறிய பைத்தான் நிரல் வைத்திருக்கிறேன். முந்தைய நாள் மாலை நான் சேமித்த கோப்பிலுள்ள இறுதி விலையை அன்றைய முதல் விலையோடு ஒப்பிட்டு, 2 விழுக்காட்டுக்கு மேல் ஏறியோ இறங்கியோ திறந்த பங்குகளை அது பட்டியலிடும். கணக்கு இவ்வளவுதான்:

```python
df["gap"] = (df["open"] - df["prev_close"]) / df["prev_close"] * 100
hits = df[df["gap"].abs() > 2]
```

இன்றைய பட்டியலில் இரண்டு பங்குகள் உறுத்துகின்றன. முதல் பங்கு 840-இல் முடிந்து 415-இல் திறந்ததாக -50.6 காட்டுகிறது, வரைபடத்தில் அப்படியொரு சரிவே இல்லை. இரண்டாவது, 250-இலிருந்து 256-க்குப் போனதாக 2.4 காட்டுகிறது, தரகரின் திரையிலோ அதே பங்குக்கு 1.6 விழுக்காடுதான். சூத்திரத்தைப் பலமுறை சரிபார்த்துவிட்டேன். வேறெங்கே பார்க்க வேண்டும்?

பதில் 1

முதல் பங்கு இன்று பிரிக்கப்பட்டிருக்கும். ஒன்று இரண்டானால் விலை பாதியாகும். எல்லா இடத்திலும் சரிசெய்யப்பட்ட இறுதி விலையையே எடுத்துக்கொள்ளுங்கள்; இரண்டு சிக்கலும் தீர்ந்துவிடும்.

பதில் 2

எனக்கும் இதே தொல்லை இருந்தது. ஆனால் என் பட்டியலில் வந்தது -100. வர்த்தகம் குறைவான பங்குகளில் முதல் பரிவர்த்தனை நடக்கவே முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை தரவில் `open` என்ற இடத்தில் 0 நிற்கும். பூஜ்யத்தை விலக்கியதும் சரியாகிவிட்டது. உங்களுக்கும் அதுவாகத்தான் இருக்கும் என நினைக்கிறேன்.

பதில் 3

கேட்டவரின் தரவில் பூஜ்யம் எதுவும் இல்லையே. 415 என்பது உண்மையில் நடந்த விலை. பூஜ்யத்தை விலக்குவது நல்ல பழக்கம்தான், ஆனால் அது வேறு நோய்.

பிரிப்பு என்ற ஊகம் சரி. சொன்ன மருந்துதான் பாதி. சரிசெய்யப்பட்ட விலை என்பது, பிரிப்பு நடைமுறைக்கு வந்த பிறகு தரவு தருபவர் பழைய விலைகளைத் திருத்தி எழுதுவது. நேற்று மாலையே உங்கள் வட்டில் இறங்கிவிட்ட கோப்புக்கு இன்று காலையின் பிரிப்பு தெரிய வழியில்லை. அந்தக் கோப்பில் எந்த நெடுவரிசையை எடுத்தாலும் 840-தான் இருக்கும். அதைப் பிரிப்பு விகிதத்தால் வகுத்தால் 420. 415-ஐ அதனோடு ஒப்பிட்டால் -1.19 விழுக்காடு. பட்டியலுக்கே வரக்கூடாத பங்கு அது.

இன்று நடைமுறைக்கு வரும் பிரிப்புகளையும் போனஸ் பங்குகளையும் ஒரு தனிக் கோப்பில் வைத்து, ஒப்பிடுவதற்கு முன்பே வகுத்துவிடுங்கள்:

```python
df["factor"] = df["symbol"].map(today_split).fillna(1)
df["prev_close"] = df["prev_close"] / df["factor"]
```

அந்தக் கோப்பில் ஒரு பங்கு விடுபட்டாலும் பிடிபட, தொடக்க விலையை முந்தைய இறுதி விலையால் வகுத்துப் பாருங்கள். ஈவு 1/2, 1/3, 1/5 போன்ற எண்ணுக்கு அருகில் வந்தால் ஒரு குறி போட்டுவையுங்கள், நீக்க வேண்டாம். பாதியாக விழுந்து திறக்கும் பங்குகளும் உண்டு, அந்த நாளில் பட்டியல் மௌனமாக இருந்தால் ஸ்கேனே வீண்.

இரண்டாவது பங்குக்குக் காரணம் வேறு. அந்த 250 எங்கிருந்து வந்தது?

கேட்டவர்

ஒரு நிமிடக் கேண்டில்களை இறக்கி, கடைசிக் கேண்டிலின் `close` மதிப்பைச் சேமிக்கிறேன்.

பதில் 3

அதுதான். பல சந்தைகளில் வழக்கமான வர்த்தகம் முடிந்த பிறகு இறுதி ஏலம் ஒன்று நடந்து அதிகாரப்பூர்வ இறுதி விலை தீர்மானமாகும். சில சந்தைகளில் கடைசி நேர வர்த்தகங்களின் சராசரியே இறுதி விலை. இரண்டிலும் கடைசிக் கேண்டிலின் விலை அதுவாக இருக்க வேண்டியதில்லை. தரகர் 252-ஐ அடிப்படையாக எடுத்திருந்தால் 256-க்கு 1.59 வரும், திரையில் 1.6 ஆகத் தெரியும். இந்த வகைப் பிழைதான் எனக்கு அதிக அச்சம் தருவது. ஐம்பது விழுக்காடு கண்ணில் குத்தும், 2.4-ஐ யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். நாள் முடிவுக் கோப்பிலுள்ள இறுதி விலைக்கு மாறிவிடுங்கள்.

கேட்டவர்

மாற்றி ஓட்டினேன், நாள் முடிவுக் கோப்பில் 252-தான் இருந்தது. இரு பங்குகளும் பட்டியலிலிருந்து போய்விட்டன, மிக்க நன்றி. ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம்: பெரிய ஈவுத்தொகை கழிந்து திறக்கும் நாளில் அந்தத் தொகையையும் முந்தைய விலையிலிருந்து கழிக்க வேண்டுமா?

பதில் 1

கழிக்க வேண்டும், அது செய்தியால் வந்த கேப் அல்லவே.

பதில் 3

நான் கழிப்பதில்லை. வரைபடத்தில் அந்த இடைவெளி அப்படியே நிற்கும், நிறுத்த ஆணை வைத்திருப்பவருக்கும் அந்த விலையில்தான் அடி விழும். பங்கின் பெயருக்கு அருகே ஈவுத்தொகை நாள் என்று எழுதிவைத்து, முடிவைப் பார்ப்பவரிடமே விட்டுவிடுகிறேன்.