ஏக்கருக்கு ஆறு மூடையா, மூன்றில் ஒன்றா?

புதுக்கமக்காரன்: முரசுமோட்டைப் பக்கம் மூன்று ஏக்கர் வயல் கிடைக்கிறது. காலபோகத்துக்கு ஏக்கருக்கு ஆறு மூடை குத்தகை, இல்லாவிட்டால் வாரமாக விளைச்சலில் மூன்றில் ஒன்று என்கிறார் காணிக்காரர். செலவு முழுக்க என்னுடையது. எது நல்லம்?

மல்லாவியான்: வாரம்தான், யோசிக்கவே வேண்டாம். 2018 மார்கழி வெள்ளத்தில் குத்தகைக்கு எடுத்தவர்கள் பட்ட பாடு தெரியும்தானே? விளையாவிட்டால் கொடுக்கவும் தேவையில்லை.

வட்டக்கச்சி கமக்காரி: தம்பி மல்லாவியான், பாதிதான் சரி. உழவு, விதைநெல், பசளை, களைநாசினி, வெட்டு மெஷின் எல்லாம் சேர்த்து ஏக்கருக்குப் பதினாலு மூடை நெல்லின் பெறுமதி என்று வைப்போம். முப்பது மூடை விளைந்தால் குத்தகையில் பத்து மூடை மிஞ்சும், வாரத்தில் ஆறுதான். பன்னிரண்டோடு நின்றால் குத்தகையில் எட்டு மூடை நட்டம், வாரத்தில் ஆறு. கெட்ட போகத்தில் காப்பாற்றுவது வெறும் இரண்டு மூடை! பதினெட்டு மூடைக்கு மேல் விளையும் வயலென்றால் குத்தகையே திறம். பக்கத்து வயல்காரரிடம் கடந்த நாலைந்து போகத்து விளைச்சலைக் கேளுங்கள். 2021 பசளைத் தடைக்குப் பிறகு வந்த போகத்தைச் சேர்க்காமல் கணக்குப் பார்க்க வேண்டாம்.

உண்மையில் ஆளைக் காப்பாற்றுவது செலவுப் பங்குதான். அரைவாசி விளைச்சல், அரைவாசிச் செலவு என்று பேசினால் அந்தப் பன்னிரண்டு மூடையிலும் ஒரு மூடைதான் நட்டம்.

கனடாக்காரர்: நான் காணிக்காரன் பக்கம். பாதிச் செலவு என்று ஒப்புக்கொண்டேன், வந்த பற்றுச்சீட்டுகளைப் பார்த்தால் மூன்று ஏக்கருக்கு ஆறு ஏக்கர் பசளை. வெட்டிய அன்று எத்தனை மூடை என்று இங்கிருந்து எப்படி எண்ணுவது? இப்போது நிலையான குத்தகைதான், காசாக.

வட்டக்கச்சி கமக்காரி: அதற்குத்தான் அண்ணை, காசாக அனுப்பாமல் பசளையை நீங்களே ஊரில் ஆள் வைத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். வெட்டும் அன்று அந்த ஆளே நின்று மூடையை எண்ணட்டும்.

நெடுங்கேணி: எங்களுக்கு மேட்டுக்காணி, நிலக்கடலை. ஏக்கர் என்ன விலை போகும்?

மல்லாவியான்: இது வயல் குத்தகை, தம்பி. வேறு இழை தொடங்குங்கள்.

புதுக்கமக்காரன்: அக்கா, சிறுபோகத்தையும் சேர்த்து ஆண்டுக் குத்தகையாக எழுதலாமா என்று கேட்கிறார்.

வட்டக்கச்சி கமக்காரி: அவசரப்படாதீர்கள். சிறுபோகத்தில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரைப் பார்த்து, எவ்வளவு விதைப்பது என்று கமக்காரர் கூட்டத்தில்தான் முடிவாகும். தாளில் மூன்று ஏக்கர் என்றிருந்தால், விதைக்காத காணிக்கும் மூடை அளக்க வேண்டி வரும். ‘விதைத்த ஏக்கருக்கு’ என்று எழுதுங்கள். மூடை எத்தனை கிலோ, காய்ந்த நெல்லா, மெஷினில் இருந்து இறங்கும் பச்சை நெல்லா என்பதையும் எழுதுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் அதில்தான்.

மல்லாவியான்: கணக்குச் சரி அக்கா. ஆனாலும் வெள்ளம் வந்து ஒன்றுமே மிஞ்சாத வருசம் ஆறு மூடைக்குக் கடன்பட நான் மாட்டேன்.

புதுக்கமக்காரன்: அரைவாசிச் செலவு கேட்டுப் பார்த்தேன். ‘மனிசியோடு கதைத்துச் சொல்கிறேன்’ என்று போயிருக்கிறார்.