மேம்பாலத்தில் வரும் வலி உட்கார்ந்தால் போவது ஏன்? நெஞ்சுவலி அனுபவங்கள்

ஈசூன் மகள்
அப்பாவுக்கு வயது 66. தேக்கா சந்தையில் மீன், காய்கறி வாங்கி, இரண்டு கையிலும் பையோடு எங்கள் புளோக் பக்கத்து மேம்பாலத்தில் ஏறுவார். பாதிப் படி தாண்டியதும் நடுநெஞ்சில் யாரோ கை வைத்து அழுத்துவது மாதிரி இருக்கிறதாம். இடது தாடை வரைக்கும் இழுக்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் போய்விடும். சாயங்காலம் பூங்காவில் ஒரு மணி நேரம் நடக்கிறார், ஒன்றும் இல்லை.

கோவிட் சமயத்தில் சிங்கப்பூர் முழுக்க வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுத்த ஆக்ஸிமீட்டரைப் பையில் போட்டுக்கொண்டே திரிகிறார். வலி வந்த இடத்திலேயே விரலில் மாட்டிப் பார்த்திருக்கிறார். 98. "பார்த்தியா, ஆக்ஸிஜன் நல்லாத்தான் இருக்கு, இது வாயு"ன்னு எனக்கே பாடம் எடுத்தார். பலதுறை மருந்தகத்திலிருந்து மருத்துவமனைக்கு அனுப்பி, டிரெட்மில், ஆஞ்சியோகிராம் எல்லாம் எடுத்தாயிற்று. இடப்பக்க முன் தமனியில் 80 சதவீத அடைப்பு. மருந்து ஆரம்பித்திருக்கிறார்கள், ஸ்டெண்ட் வைப்பதா என்று அடுத்த முறை பேசலாம் என்றார்கள்.

எனக்குப் புரியாதது இரண்டு. 80 அடைத்திருந்தால் மீதி நேரம் மனுஷன் எப்படிச் சாதாரணமாக இருக்கிறார்? 98 எப்படி வந்தது? இதே மாதிரி யாருக்காவது நடந்திருந்தால் சொல்லுங்கள்.

ஜூரோங் குமார்
அக்கா, ரொம்ப சிம்பிள். தண்ணிக் குழாயில் பாசி பிடித்த மாதிரிதான். 80 அடைத்தால் 20தான் போகும். உட்கார்ந்திருந்தால் அந்த 20 போதும், படி ஏறினால் பத்தாது. ஆக்ஸிமீட்டர் எல்லாம் மலிவுச் சாமான், நம்பாதீங்க. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை கொடுத்திருப்பாங்களே, அது அடைப்பைத் திறந்துவிடும். என் மாமனாருக்கும் இதேதான்.

உட்லண்ட்ஸ் செல்வம்
எனக்கும் நெஞ்சில் எரிச்சல் வரும். ராத்திரி ரொட்டி பிராட்டா சாப்பிட்டுப் படுத்தால் கண்டிப்பாக வரும், எழுந்து உட்கார்ந்து ஒரு ஏப்பம் விட்டால் சரி. டாக்டர் வயிற்றுக்கு மாத்திரை கொடுத்தார், இப்போது இல்லை. உங்கள் அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் இதயம் என்று பயப்பட வேண்டாம்.

கவிதா (வார்டு நர்ஸ்)
செல்வம் அண்ணே, உங்களுக்குப் படுத்தால் வருது, உட்கார்ந்தால் போகுது. இவங்க அப்பாவுக்கு ஏறினால் வருது, நின்றால் போகுது. இரண்டும் ஒன்றில்லை. அவருக்கு ஆஞ்சியோவிலேயே தெரிந்துவிட்டது.

பழைய டிரெட்மில்காரன்
இதயப் பரிசோதனைப் பிரிவில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை. ஆனால் டிரெட்மில்லில் வலி வரும் நேரத்தைப் பார்த்துப் பார்த்தே காலம் போனது.

குமார் தம்பி, ஆக்ஸிமீட்டரைத் திட்டாதீங்க. அது சரியாகத்தான் சொன்னது. நுரையீரலைத் தாண்டி வந்த ரத்தம் ஆக்ஸிஜனால் நிரம்பியிருக்கிறதா என்பதை மட்டும் அது பார்க்கும். அப்பாவின் நுரையீரலுக்கு ஒரு குறையும் இல்லை, அதனால் 98. அந்த ரத்தம் இதயத் தசைக்குள் எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பது விரல் நுனிக்கு எப்படித் தெரியும்? மேம்பாலத்தில் நின்று மூச்சை ஆழமாக இழுத்தாலும் பெரிய பலன் இல்லாததும் அதனால்தான். ரத்தம் ஏற்கனவே நிரம்பித்தான் இருக்கிறது.

இதயத் தசைக்கென்று ஒரு தனிக் குணம் உண்டு. கால் தசை சும்மா இருக்கும்போது, வரும் ஆக்ஸிஜனில் ஒரு சிறு பங்கைத்தான் எடுக்கும். ஓட ஆரம்பித்தால் மிச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். இதயத் தசைக்கு அந்த மிச்சம் கிடையாது. நாம் சாய்ந்து பேப்பர் படிக்கும்போதே வந்ததில் 70, 75 சதவீதத்தை அது உறிஞ்சிவிடுகிறது. வேலை கூடினால் அதற்கு ஒரே வழி, ரத்த ஓட்டத்தையே கூட்டுவது. நல்ல தமனி உள்ளவருக்கு ஓட்டம் நாலு மடங்கு, அதற்கு மேலும் போகும்.

இப்போது 80 கணக்கு. 80 அடைப்பு என்றால் 20 சதவீத ரத்தம் என்று அர்த்தமில்லை. பாசி பிடித்த குழாய்க்கு அறிவு இல்லை, இதயத் தமனிக்கு உண்டு. அடைப்புக்கு அப்பால் இருக்கும் நுண்தமனிகள் ரத்தம் குறைவதை உணர்ந்து, விரிந்து கொடுக்கும். அதனால் அடைப்பு பெரிதான பிறகும் ஓய்வில் ஓட்டம் கிட்டத்தட்ட வழக்கமான அளவிலேயே இருக்கும். குறுக்களவில் பாதி சுருங்கும்போதே உச்ச ஓட்டம் அடிவாங்கத் தொடங்கும். ஓய்வு ஓட்டம் குறைய 85 அளவுக்குப் போக வேண்டும். அப்பா உட்கார்ந்திருக்கையில் நன்றாக இருக்கிறார் என்றால், கையிருப்பில் ஒரு பங்கைச் செலவழித்துக்கொண்டு நன்றாக இருக்கிறார். பாதிப் படி ஏறுவதற்குள் மிச்சமும் தீர்ந்துவிடும், மேற்கொண்டு விரிய எதுவும் பாக்கி இல்லை.

ஈசூன் மகள்
ஐயா, இது இத்தனை நாள் யாரும் சொல்லாதது. டிரெட்மில் ரிப்போர்ட் என்னிடம் இருக்கிறது. ஓய்வில் துடிப்பு 74, ரத்த அழுத்தம் 132. இரண்டாவது கட்டத்தில் வலி வந்து நிறுத்தியபோது 116, 176. இதில் ஏதாவது தெரியுமா?

பழைய டிரெட்மில்காரன்
நிறையத் தெரியும். துடிப்பையும் மேல் அழுத்தத்தையும் பெருக்குங்கள். ஓய்வில் 74 × 132, அதாவது 9,768. வலி வந்தபோது 116 × 176, அதாவது 20,416. இதயத் தசை அந்த நேரத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன் கேட்கிறது என்பதற்கு இந்தப் பெருக்கல் ஒரு தோராயமான அளவுகோல். நிலையான நெஞ்சுவலிக்காரர்களுக்குப் பெரும்பாலும் ஏறக்குறைய ஒரே எண்ணில்தான் வலி தொடங்கும். டிரெட்மில்லாக இருந்தாலும் சரி, மேம்பாலமாக இருந்தாலும் சரி. அப்பாவின் எல்லை 20 ஆயிரத்தை ஒட்டி இருக்கிறது.

பூங்காவில் துடிப்பு 95, அழுத்தம் 145 என்று வைத்துக்கொண்டால் 14 ஆயிரத்துக்குள். எல்லைக்கு வெகு கீழே. அதனால் ஒரு மணி நேரம் நடந்தாலும் வலி இல்லை. மேம்பாலத்தில் ஏறுகிறார், அதோடு இரண்டு கையிலும் பாரம். கையை இறுக்கிப் பிடித்துப் பாரம் தூக்கினால் ரத்த அழுத்தம் தனியாக ஏறும், பெருக்கினால் 20 ஆயிரத்தைத் தொட்டுவிடும். பூங்கா எண்ணும் மேம்பால எண்ணும் என் ஊகம்தான், அங்கே யாரும் அளக்கவில்லை. ரிப்போர்ட் எண்கள் மட்டும் உறுதி.

துடிப்புக்கு இன்னொரு கெட்ட பக்கம் உண்டு. இடது கீழறை சுருங்கும்போது தன் சுவருக்குள் ஓடும் குழாய்களைத் தானே நசுக்கிக்கொள்கிறது. அதனால் அந்தத் தசைக்குப் பெரும்பாலும் தளரும் நேரத்தில்தான் ரத்தம் கிடைக்கும். நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் மொத்தத்தில் 40 நொடி போலத் தளர்ந்த நேரம். 120க்குப் போனால் அது 30க்கும் கீழே இறங்கும். தேவை கூடுகிற அதே கணத்தில் வரவுக்கான நேரம் குறைகிறது. உள்சுவர்ப் பகுதிக்கு நெருக்கம் அதிகம், முதலில் தவிப்பது அதுதான்.

ஜூரோங் குமார்
சரி ஐயா, ஒத்துக்கிறேன். ஆனால் மாத்திரை அடைப்பைத் திறக்கத்தானே செய்யுது? மாமனாருக்கு ரெண்டு நிமிஷத்தில் சரியாகும்.

கவிதா (வார்டு நர்ஸ்)
அடைப்பு அப்படியே இருக்கும் தம்பி. நாக்கடி மாத்திரை முக்கியமாக உடம்பின் சிரைகளைத் தளர்த்தும். இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தம் குறையும், அறை சிறுக்கும், சுவரின் இழுவிசை குறையும். அதாவது கேட்பது குறைகிறது. இதயத் தமனியும் கொஞ்சம் விரியும், இல்லை என்று சொல்லவில்லை. அழுத்தம் சட்டென இறங்கி மயக்கம் வரலாம், அதனால் உட்கார்ந்துதான் வைக்க வேண்டும். ஆண்மைக் குறைவுக்கு சில்டெனாஃபில் மாதிரி மாத்திரை சாப்பிடுபவர் வெட்கப்படாமல் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு விழும்.

பொத்தோங் பாசிர் மீனா
எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், வேறு மாதிரி. எங்கள் பழைய புளோக்கில் மின்தூக்கி பழுதான வாரம் மாடி ஏறினால் இதே அழுத்தம், இதே தாடை இழுப்பு. வயது 47. ஸ்கேனில் இதயத் தமனிகளில் சொல்லும்படி எந்த அடைப்பும் இல்லை. ஹீமோகுளோபின் 7. கர்ப்பப்பைக் கட்டியால் மாதாமாதம் ரத்தம் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. ஆக்ஸிமீட்டர் எனக்கு 99 காட்டியது! கட்டிக்கு வைத்தியம் பார்த்து, இரும்புச்சத்து ஏற்றி, ஹீமோகுளோபின் 12 தொட்டதும் அதே மாடியை வலி இல்லாமல் ஏறினேன். உங்கள் அப்பாவுக்கு ரத்தசோகை பார்த்தார்களா?

பழைய டிரெட்மில்காரன்
மீனாம்மா சொன்னது முக்கியம். இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்பதைத்தான் ஆக்ஸிமீட்டர் காட்டும், மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டாது. ஓட்டம் நன்றாக இருந்தும் சரக்கு குறைவு, அது இவங்க கதை. அடைப்பும் ரத்தசோகையும் ஒருவருக்கே சேர்ந்து வந்தால் வலியின் எல்லை இன்னும் இறங்கிவிடும்.

ஈசூன் மகள்
பார்த்தார்கள் அக்கா, 13.8. பரவாயில்லை. துடிப்பைக் குறைக்க பிசோபுரோலால் கொடுத்திருக்கிறார்கள். மாத்திரை ஆரம்பித்த பிறகு மேம்பாலத்தில் கைக்கடிகாரம் 94தான் காட்டுகிறது, வலியும் இல்லை என்கிறார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வாழையிலை விருந்து முடித்த கையோடு ஏறியபோது லேசாக வந்ததாம். பையைக் கொடுக்கச் சொன்னால் "நான் என்ன கிழவனா" என்கிறார். இழுத்துச் செல்லும் டிராலி வாங்கினேன், அதில் துணி காய்கிறது.

பழைய டிரெட்மில்காரன்
94 × 160 என்று வைத்தாலும் 15 ஆயிரம். எல்லை அதே 20 ஆயிரம்தான், அப்பா அதைத் தொடாமல் போகிறார், அவ்வளவே. சாப்பிட்டதும் குடலுக்கு ரத்தம் பாயும், அதைச் சமாளிக்க இதயம் கூடுதலாக இறைக்கும். அந்தக் கூடுதலின் மேல் படியேற்றம் வேறு. 1768இல் லண்டனில் வில்லியம் ஹெபர்டன் இந்த நோயை முதலில் விவரித்தபோதே, மேடு ஏறுகையில், அதுவும் சாப்பிட்ட கையோடு ஏறுகையில் வருகிறது என்று சொன்னார். பிசோபுரோலாலைத் தானாகச் சட்டென நிறுத்திவிடக் கூடாது என்பதையும் அப்பாவிடம் சொல்லிவையுங்கள். துடிப்பு எகிறும்.

ஜூரோங் குமார்
ஒரு சந்தேகம். மாமனாருக்குக் காலையில் முதல் நடையில் வலி வரும். நின்று இளைப்பாறி மறுபடி அதே வேகத்தில் போனால் வராது. பெருக்கல் கணக்குப்படி ரெண்டாவது தடவையும் வரணுமே?

பழைய டிரெட்மில்காரன்
நானும் டிரெட்மில்லில் இதைப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது சுற்றில் அதே பெருக்கல் எண்ணைத் தாண்டியும் சிலருக்கு வலி வரவில்லை, ஈசிஜி மாற்றமும் குறைவாக இருந்தது. பக்கத்துத் தமனிகளிலிருந்து கிளைக் குழாய்கள் வழி ரத்தம் வருகிறது என்று ஒரு டாக்டர் சொல்வார். தசையே முதல் தவிப்புக்குப் பிறகு குறைந்த ஆக்ஸிஜனில் ஓட்டப் பழகிவிடுகிறது என்று இன்னொருவர் சொல்வார். இருவரும் கேண்டீனில் இதற்காகச் சண்டை போட்டது நினைவிருக்கிறது, முடிவு வரவில்லை. என் கணக்கு அங்கே கொஞ்சம் தளரும்.

கவிதா (வார்டு நர்ஸ்)
தம்பி, மாமனாரின் வலி சும்மா உட்கார்ந்திருக்கும்போது வந்தாலோ, முன்னைவிடக் குறைந்த தூரத்தில் வந்தாலோ, அடிக்கடி வரத் தொடங்கினாலோ இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அடைப்பின் மேல் ரத்தம் உறைய ஆரம்பித்திருக்கலாம். அப்போது வலி வருவது தேவை கூடியதால் இல்லை, வரவு குறைந்ததால். ஓய்வெடுத்து மாத்திரை வைத்தும் ஐந்து நிமிடத்தில் தணியாவிட்டால் ஆம்புலன்ஸுக்கு 995. டாக்சி பிடித்துப் போகலாம் என்று கீழே இறங்கி நிற்க வேண்டாம்.

உட்லண்ட்ஸ் செல்வம்
எனக்கு நேற்று மின்தூக்கி இல்லாமல் நாலு மாடி ஏறியதும் அந்த எரிச்சல் வந்தது. படுத்திருக்கவில்லை. ஏப்பமும் வரவில்லை. இது எந்தக் கணக்கு?

கவிதா (வார்டு நர்ஸ்)
அண்ணே, வயிற்று மாத்திரையை நம்பி இருக்க வேண்டாம். இன்றைக்கே டாக்டரிடம் போய் ஈசிஜி எடுங்க. இப்போது உட்கார்ந்திருக்கும்போதும் வலி இருந்தால் நேரே 995.