ஒன்றரை ஷிப்ட் இனி கிடையாது என்று சொன்ன காலை: உங்கள் அனுபவமும் எழுதுங்கள்

பவர்டேபிள்:
திருப்பூரில் ஒரு ஏற்றுமதி யூனிட்டில் புரொடக்‌ஷன் பார்க்கிறேன். ரெண்டு லைன், கட்டிங், செக்கிங், அயர்ன் எல்லாம் சேர்த்து 84 பேர்.

2025 ஆகஸ்ட் 7-ம் தேதி அமெரிக்கா 25 சதவீத வரி போட்டது. 27-ம் தேதி, விநாயகர் சதுர்த்தி அன்றைக்கு, அது 50 ஆனது. எங்கள் சரக்கில் முக்கால்வாசி அங்கேதான் போகும். 23-ம் தேதி சனிக்கிழமையே முதலாளி என்னைக் கூப்பிட்டுவிட்டார். பையர் ரெண்டு ஆர்டரை நிறுத்தி வைத்திருக்கிறார், செப்டம்பரிலிருந்து ஒரு ஷிப்ட்தான், தீபாவளி வரைக்கும் ஒருத்தரையும் நிறுத்த மாட்டேன் என்றார். அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை.

எங்கள் ஊரில் ஒன்றரை ஷிப்டை வைத்துத்தான் குடும்பம் ஓடும். எங்கள் டைலருக்கு ஷிப்டுக்கு 520 ரூபாய், ஒன்றரைக்கு 780. தினம் 260 போனால் சனிக்கிழமை கவரில் 1,560 ரூபாய் குறையும். பல பேருக்கு மகளிர் குழுத் தவணை அந்தப் பணத்தில்தான் போகிறது.

நான் செய்த தப்பு இதுதான். திங்கட்கிழமை சூப்பர்வைசர்களை மட்டும் கூப்பிட்டு, "நீங்களே பக்குவமா சொல்லிடுங்க" என்று விட்டுவிட்டேன். நேராகப் போய் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு சூப்பர்வைசர் ஒடிசா பையன்களிடம் இந்தியில் "ஓ.டி. பந்த்" என்று சொல்லியிருக்கிறார். அது சாயங்காலம் டீ நேரத்துக்குள் "கம்பெனி பந்த்" ஆகிவிட்டது. ஏழு மணிக்கு நாலு பையன்கள் பையோடு கேட்டில் நின்று கணக்கு முடிக்கச் சொன்னார்கள்.

புதன் லீவு. வியாழன் காலை எட்டரைக்கு எல்லாரையும் கட்டிங் டேபிள் பக்கம் வரச் சொன்னேன். இந்தி நன்றாகத் தெரிந்த செக்கிங் பையனைப் பக்கத்தில் நிறுத்தி, ஒவ்வொரு வரியையும் அவன் சொல்லி முடித்த பிறகே அடுத்த வரிக்குப் போனேன். "செப்டம்பர் ஒண்ணாந்தேதியிலிருந்து ஒரு ஷிப்ட்தான். வாரத்துக்கு டைலருக்கு 1,560 ரூபாய் குறையும். கம்பெனியை மூடல. தீபாவளி வரைக்கும் யாரையும் நிறுத்தறதில்லை. இதைத் திங்கட்கிழமையே நானே வந்து சொல்லியிருக்கணும், சொல்லல. தப்பு என்னோடது." இவ்வளவுதான் பேசினேன்.

யாரும் வாய் திறக்கவில்லை. பின்னால் யாரோ பழக்கத்தில் பெடலை மிதித்துவிட, ஒரு மெஷின் கடகடவென்று ஓடி நின்றது. அப்புறம் செக்கிங்கில் இருக்கும் ஒரு அம்மா கேட்டார்: "தீபாவளிக்குப் பெறகு, கண்ணு?"

"தெரியலைங்கம்மா. சனிக்கிழமைதோறும் சம்பளத்துக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் இங்கயே நிப்பேன். தெரிஞ்சதைச் சொல்றேன்" என்றேன். அந்தக் கேள்விக்கு ஒரு ஆறுதல் வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. எப்படியோ விழுங்கிவிட்டேன்.

கணக்குப்பிள்ளை:
நல்ல காரியம் செஞ்சீங்க. ஆனா ஒண்ணு விட்டுப்போச்சு. நட்டம்னு கணக்கு காட்டினா போனஸ் தரவே வேண்டியதில்லை. அதையும் அதே கூட்டத்துல சொல்லியிருந்தா ரெண்டாவது தடவை கெட்ட சேதி சொல்ற வேலை மிச்சம்.

மில்_ஆபீஸ்:
கோவையில் மில்லில் 26 வருஷம் ஆள் நிர்வாகம் பார்த்தவன். கணக்குப்பிள்ளை சார், தயவுசெய்து இதை யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். போனஸ் சட்டப்படி நட்டம் வந்தாலும் 8.33 சதவீதம் கொடுத்தே ஆகவேண்டும். புதிதாக ஆரம்பித்த கம்பெனிக்கு முதல் ஐந்து வருஷம், லாபம் வராத வருஷத்துக்குத் தர வேண்டாம் என்று ஒரு சலுகை உண்டு. நீங்கள் அதைக் கேள்விப்பட்டிருக்கலாம். கெட்ட செய்தி சொல்லும் கூட்டத்தில் ஒரு தவறான தகவல் போனால், அடுத்துச் சொல்லும் சரியான தகவலையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பவர்டேபிள் தம்பி, ரூபாயை முதலில் சொன்னது சரி. "கொஞ்சம் குறையும்" என்றால் ஒவ்வொருத்தரும் தன் பயத்துக்குத் தகுந்த தொகையை நினைத்துக்கொள்வார்கள். நான் இன்னொன்றும் செய்வேன். கூட்டத்துக்கு முந்தின நாள் சம்பளப் பதிவேட்டை எடுத்து, யாருக்கு அடி பலமாக விழும் என்று பார்ப்பேன். புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும் நம்மிடமே வேலை பார்த்தால் குறைவது ரெட்டிப்பு. முன்பணம் வாங்கிப் பிடித்தம் போகிறவருக்குக் கையில் வருவது இன்னும் சுருங்கும். அவர்களைக் கூட்டம் தொடங்க அரை மணி நேரம் முன்னால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவேன், பிடித்தத்தை ரெண்டு மாதம் தள்ளி வைக்க முதலாளியிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கிக்கொண்டு. எண்பது பேர் நடுவில் ஒருத்தர் முகம் உடைந்து போவதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கப்புறம்தான் இந்த வழக்கம்.

மாலைப்பள்ளி_அக்கா:
நான் சொல்பவள் இல்லை, கேட்டவள். ஒரு தொண்டு நிறுவனத்தில் மாலை நேர வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டு நிதி நின்றபோது எங்கள் ஒருங்கிணைப்பாளர் பன்னிரண்டு பேரையும் உட்கார வைத்து, பேச ஆரம்பித்ததும் அழுதுவிட்டார். நல்ல மனுஷர், பொய் அழுகை இல்லை. ஆனால் நாங்கள் எல்லாரும் எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் கொடுத்து, "பரவாயில்லை சார், நீங்க என்ன பண்ணுவீங்க" என்று தேற்றிக்கொண்டிருந்தோம். எனக்குக் கடைசி மாதச் சம்பளம் எப்போது வரும் என்று கேட்கவேண்டியிருந்தது. அந்த இடத்தில் எப்படிக் கேட்பது? வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. பவர்டேபிள் அண்ணா "தப்பு என்னோடது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்கு இடம் விட்டாரே, அதைப் படித்தபோது அந்த அறை ஞாபகம் வந்தது.

ஈரோடு_பஸ்:
முதலாளியிடம் நான் வேலையை விடுகிறேன் என்று சொல்லவேண்டும், மூன்று வாரமாக முடியவில்லை. இதற்கும் காலை நேரம்தான் நல்லதா?

மில்_ஆபீஸ்:
அது வேறு விஷயம் தம்பி. ஆனாலும் காலையிலேயே சொல்லிவிடுங்கள்.

லைன்_2:
நானும் திருப்பூர்தான், சொந்த யூனிட். இதில் எனக்கு உடன்பாடு இல்லைங்க. நிச்சயமாகத் தெரியாததை முன்கூட்டிச் சொன்னால் டைலர்கள் வேறு யூனிட்டுக்குப் போய்விடுவார்கள். ஆர்டர் திரும்பி வந்தால் தைக்க ஆள் இருக்காது. அப்புறம் இருக்கிற மற்றவர்களுக்கும் வேலை இல்லை. இதையும் யோசிக்க வேண்டாமா?

பவர்டேபிள்:
லைன்_2 அண்ணா, நீங்கள் சொல்வது எங்களிடமும் நடந்தது. அந்த நாலு பையன்களையும் சேர்த்து ஒன்பது பேர் போய்விட்டார்கள். அதில் ஒருத்தர் கட்டிங் மாஸ்டர், அவர் இல்லாமல் ஒரு வாரம் திண்டாடினோம். உள்ளூர் மார்க்கெட்டுக்குத் தைக்கும் யூனிட்டில் ஒன்றரை ஷிப்ட் கிடைத்தது என்று போனார். சொல்லாமல் இருந்திருந்தால் அவர் இருந்திருப்பார் என்றுதான் முதலாளி இன்றைக்கும் சொல்கிறார். எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. மாஸ்டருக்கு ரெண்டு பெண் பிள்ளைகள், காலேஜ் பீஸ் கட்டவேண்டும். அவர் போகட்டும் என்று எனக்குத் தோன்றியது, அது யூனிட்டுக்கு நல்லதில்லை என்று தெரிந்தும்.

மில்_ஆபீஸ் ஐயா, தனியாகக் கூப்பிட்டுச் சொல்வது எனக்குத் தோன்றவே இல்லை. பதிவேட்டைப் பார்த்தேன். எங்களிடம் ஆறு ஜோடி இருக்கிறார்கள்.

மாலைப்பள்ளி_அக்கா:
தீபாவளிக்குப் பிறகு என்ன ஆச்சு அண்ணா? அந்த அம்மாவுக்குப் பதில் கிடைத்ததா?

பவர்டேபிள்:
இன்னும் இல்லைங்க. போனஸ் கொடுத்தாயிற்று. ஒரு ஆர்டர் பாதியளவில் திரும்பி வந்திருக்கிறது, இன்னொன்று வரவில்லை. சனிக்கிழமைதோறும் நிற்கிறேன். போன வாரம் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. நிற்காமல் விட்டுவிடலாமா என்று நினைத்தேன், ஆனால் நான் வருவதற்கு முன்னாலேயே செக்கிங் ஆட்கள் டேபிள் பக்கம் வந்து நின்றுகொண்டிருந்தார்கள். "இந்த வாரமும் புதுசா ஒண்ணும் இல்லைங்க" என்றேன். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டுக் கவர் வாங்க வரிசைக்குப் போனார்.