கலைச்சொல் உதவி: கெல்லி சூத்திரத்தின் விடைக்கு என்ன பெயர்?

கலைவாணி, பட்டர்வொர்த்:

அனைவருக்கும் வணக்கம். மாலை வகுப்புக்கான நிகழ்தகவுக் கையேட்டின் ஏழாம் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு சொல்லில் நிற்கிறேன். 1956இல் பெல் ஆய்வுக்கூடத்து ஜான் கெல்லி தந்த சூத்திரம்:

f = (bp − q) / b

p வெல்லும் வாய்ப்பு, q தோற்கும் வாய்ப்பு, b என்பது ஒரு ரிங்கிட் கட்டி வென்றால் வரும் லாபம். விடையாக வரும் f, கையிருப்பில் எத்தனை பங்கை ஒரு தடவைக்குக் கட்டுவது என்று சொல்கிறது. இதை 'உகந்த பணயப் பின்னம்' என்று எழுதியிருக்கிறேன். f சொன்னதை அப்படியே கட்டுவது 'முழுப் பணயம்', அதில் பாதியைக் கட்டுவது 'அரைப் பணயம்'. சரிதானா?

இளமாறன், செந்தூல்:

அம்மா, மூன்று சொல்லில் இரண்டு வடசொல். பணயம் 'பண' என்ற வடமொழி வேரிலிருந்து வந்தது, பின்னம் 'பின்ன' என்பதிலிருந்து. பந்தயத்துக்கு 'ஒட்டம்' என்று நமக்கே ஒரு பழஞ்சொல் உண்டு. பின்னத்துக்குக் 'கூறு' இருக்கிறது. கையிருப்பைக் குறிக்க 'முதல்' போதும். 463ஆம் குறளில் "ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை" என்று வருவது இதே பொருளில்தான். ஆகவே 'முதற்கூறு'. நிலத்தில் குடிவாரம், மேல்வாரம் என்று பங்கு பிரித்ததை நினைத்தால் 'முதல்வாரம்' என்றும் ஆக்கலாம்.

சரஸ்வதி, ஜெலுத்தோங்:

தம்பி, 'முதல்வாரம்' என்றால் மாணவர்கள் மாதத்தின் முதல் வாரம் என்றுதான் படிப்பார்கள். முதற்கூறும் முதலாவது பகுதி ஆகிவிடும். தமிழ்ப்பள்ளிக் கணிதப் புத்தகத்தில் பின்னம் என்றே படித்து வந்த பிள்ளைகளிடம் அந்தச் சொல்லை ஏன் பிடுங்க வேண்டும்? பணயம்தான் எனக்கும் நெருடுகிறது. செய்தித்தாளில் பணயக்கைதி என்று படித்துப் படித்து, அந்த நினைப்புத்தான் முதலில் வருகிறது.

செல்வம், கெப்போங்:

சொல் எதுவானாலும் சரி, சூத்திரம் எனக்கு உதவுகிறது. செம்பனை எண்ணெய் வருங்கால ஒப்பந்தத்துக்கு ஐந்து விதிகளைத் தாளில் ஓட்டிப் பார்த்தேன். அவற்றில் சிறந்த விதியில் 200 பேரத்துக்கு 110 வெற்றி. லாப இலக்கும் நட்ட எல்லையும் ஒரே அளவு, அதனால் b = 1. p = 0.55 போட்டால் f = 0.10. 'உகந்த' என்றே பெயர் இருப்பதால், தடவைக்குக் கையிருப்பில் பத்தில் ஒன்றை நட்டத்துக்கு ஒதுக்கலாம்தானே?

குமரேசன், பிரிக்பீல்ட்ஸ்:

செல்வம் அண்ணன் கேட்ட கேள்வியே கலைவாணி அம்மாவின் கேள்விக்கும் விடை. 'உகந்த' என்ற சொல் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டது பாருங்கள்.

200 பேரத்தில் எடுத்த விகிதத்துக்குத் திட்டப்பிழை ஏறத்தாழ 3.5 விழுக்காடு. 55 என்று தெரிவது உண்மையில் 52 ஆகவோ 58 ஆகவோ இருப்பது சாதாரணம். 52 என்றே கொள்வோம். சரியான f அப்போது 0.04. நீங்கள் கட்டுவதோ 0.10, இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு பேரத்துக்குச் சராசரி மடக்கை வளர்ச்சி:

0.52 × ln 1.10 + 0.48 × ln 0.90 ≈ −0.00101

வெல்லும் வாய்ப்பு உங்கள் பக்கம் இருந்தும் வளர்ச்சி கீழ்நோக்கிப் போகிறது. இப்படி 1,000 பேரம் போனால் 100 ரிங்கிட் இடைநிலைக் கணக்கில் 36 ரிங்கிட் ஆகும். அதே 52இல் 0.05 மட்டும் கட்டியிருந்தால் வளர்ச்சி +0.00075, 100 ரிங்கிட் ஏறத்தாழ 212. உங்கள் 55 உண்மையாகவே சரி என்றாலும், பாதி கட்டுகிறவருக்கு முழு வளர்ச்சியில் முக்கால் பங்கு கிடைத்துவிடும். விட்டுக்கொடுப்பது கால் பங்குதான்.

ஆகவே 'உகந்த' வேண்டாம். p துல்லியமாகத் தெரிந்தால் மட்டுமே அது உகந்தது. 'முழுப் பணயம்' அதைவிட மோசம், கையிருப்பு முழுவதையும் கட்டுவது என்று படிக்கத் தோன்றும். எனக்குப் பட்டது 'உச்சவளர்ச்சிப் பங்கு'. அந்த அளவில் வளர்ச்சி உச்சம் என்று மட்டும் சொல்கிறது, அறிவுரை கூறவில்லை.

பிரபு, ஆயர் ஈத்தாம்:

குமரேசன் சார் சொல்வது புரிகிறது. அப்படியானால் p ஐயமாக இருக்கும்போதெல்லாம் சூத்திரத்தின் விடையைப் பாதியாக்க வேண்டும் என்றே பாடத்தில் விதியாகப் போட்டுவிடலாமே?

குமரேசன், பிரிக்பீல்ட்ஸ்:

பாதி சரி, பிரபு. ஐயம் என்பதனாலேயே பாதியாக்க வேண்டியதில்லை. மடக்கை வளர்ச்சியில் p ஒருபடியாகத்தான் வருகிறது. அதனால் உங்கள் மதிப்பீடு மேலும் கீழும் சமமாகத் தவறினால், அதன் சராசரியைப் போட்டாலே போதும். ஆபத்து, பிழை ஒரே பக்கம் சாய்வதில். செல்வம் அண்ணன் ஐந்து விதிகளில் சிறந்ததை எடுத்தார். ஐந்தும் வெறும் 50 விழுக்காடாகவே இருந்தாலும், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாவிட்டால், 200 பேரத்தில் அவற்றில் சிறந்தது சராசரியாக 54 காட்டும். அவருடைய 55இல் பெரும்பகுதி தேர்வில் வந்த வீக்கமாக இருக்கலாம்.

ஆகவே முதல் படி, p-ஐ இறக்குவது. 200 கற்பனைப் பேரங்களைச் சரிபாதி வெற்றியாக உண்மைப் பதிவோடு சேர்த்தால் 210/400 = 0.525, f = 0.05. எத்தனை கற்பனைப் பேரம் என்பது உங்கள் நம்பிக்கையைப் பொறுத்தது. இரண்டாம் படி, அதில் பாதி, அதாவது 0.025. இந்தப் பாதி வேறொரு காரணத்துக்காக. p சரியாகவே இருந்தாலும், உச்சவளர்ச்சியில் விளையாடிக்கொண்டே இருப்பவரின் கையிருப்பு என்றாவது பாதியாகச் சரியும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டில் ஒன்று. பாதி கட்டினால் அது எட்டில் ஒன்றுக்குக் குறைகிறது. கணிதவியலாளர் எட்வர்ட் தார்ப் பிளாக்ஜாக் சீட்டாட்டத்தில் இந்தச் சூத்திரத்தைப் பயன்படுத்தியபோது, சீட்டுக்கட்டில் மீந்திருப்பதை எண்ணி p-ஐக் கணக்கிட முடிந்தது. செம்பனைச் சந்தையில் அப்படிக் கணக்கிட வழியில்லை. தரகுக் கட்டணமும் இரவோடு இரவாக விலை தாவுவதும் b-ஐ 1க்குக் கீழே இழுக்கும். அதையும் கழித்த பிறகே சூத்திரத்தில் போடுங்கள்.

செல்வம், கெப்போங்:

அப்படியென்றால் நாலு நம்பர் குலுக்கலுக்கு இந்தச் சூத்திரம் என்ன சொல்லும்?

குமரேசன், பிரிக்பீல்ட்ஸ்:

f கழித்தல் எண்ணாக வரும், அண்ணே. ஒரு ரிங்கிட்டுக்குச் சராசரியாகத் திரும்பி வருவது ஒரு ரிங்கிட்டுக்குக் குறைவு. கட்ட வேண்டியது சுழியம்.

இளமாறன், செந்தூல்:

பொருள் விளங்கிவிட்டது, பெயர்தான் நீளம். 'உச்சவளர்ச்சிப் பங்கு' என்று கரும்பலகையில் பத்து முறை எழுதிப் பாருங்கள். பங்கு என்றதும் பங்குச்சந்தை நினைவு வரும். 'உச்சக்கூறு' என்று சுருக்கலாம். உச்சமும் வடசொல்தான், ஆனாலும் நெடுநாள் வழக்கு. இதற்குமேல் நான் இறங்கி வர முடியாது.

சரஸ்வதி, ஜெலுத்தோங்:

எதன் உச்சம் என்று உச்சக்கூறு சொல்லவில்லையே, தம்பி. இதுதான் மிகப் பெரிய கட்டுத்தொகை என்று ஒரு பிள்ளை எழுதிவிட்டால் எப்படித் திருத்துவேன்? நீளமானாலும் வளர்ச்சி உள்ளே இருக்கட்டும். சூத்திரத்துக்குப் பக்கத்தில் அரை, கால், அரைக்கால் என்று பழைய பின்னப் பெயர்களையே போடுங்கள். 'உச்சவளர்ச்சிப் பங்கில் அரை' என்றால் எதில் பாதி என்ற குழப்பமே வராது.

கலைவாணி, பட்டர்வொர்த்:

குமரேசன் சாரும் சரஸ்வதி அக்காவும் 'உச்சவளர்ச்சிப் பங்கு' என்கிறீர்கள், இளமாறன் மட்டும் மறுக்கிறார். பாடத்தில் அதையே போடுகிறேன். 'முழுப் பணயம்' போகிறது. 'கட்டுத்தொகை' என்பது சரஸ்வதி அக்கா போகிறபோக்கில் சொன்னது, பணயத்துக்குப் பதிலாக அதை எடுத்துக்கொள்கிறேன். செல்வம் அண்ணனின் 110/200 கணக்கை, பெயரும் சந்தையும் இல்லாமல், பயிற்சி 4 ஆகச் சேர்க்கலாமா?

இளமாறன், செந்தூல்:

சேருங்கள், அம்மா. அடிக்குறிப்பில் 'உச்சக்கூறு எனவும் வழங்கும்' என்று ஒரு வரி போட்டால் மகிழ்வேன். இன்னும் எங்கும் வழங்கவில்லை என்பது தெரியும்.