ஒத்திசைவு 38% நீக்கத்தில் நின்றுவிட்டது: வரம்பை உயர்த்தலாமா?

தண்டையார்பேட்டை, கேட்பவர்

அனைவருக்கும் வணக்கம். தண்டையார்பேட்டையில் லாரி உதிரிபாகங்களை மொத்த விலையில் விற்கும் கடையொன்றின் கணினி வேலைகளை நான் கவனித்துக்கொள்கிறேன். பில்லிங் மென்பொருளிலிருந்து ஒவ்வோர் இரவும் சரக்குப் பட்டியல் ஒரு சிஎஸ்வி கோப்பாக வெளியேறும். அதை நான் எழுதிய பைத்தான் ஸ்கிரிப்ட், போஸ்ட்கிரெஸில் உள்ள parts அட்டவணையோடு ஒத்திசைக்கும். வாடிக்கையாளர்கள் இணையத்தில் பார்க்கும் விலையும் இருப்பும் அந்த அட்டவணையிலிருந்துதான் வருகின்றன. மொத்தம் 12,400 பதிவுகள் உள்ளன. வழக்கமாக ஓர் இரவில் நூற்றுக்கும் குறைவான பதிவுகளே மாறும். நீக்கம் என்பது இரண்டு, மூன்றைத் தாண்டியதில்லை. பத்து விழுக்காட்டுக்கு மேல் நீக்கம் வந்தால் எதையும் எழுதாமல் நின்றுவிட வேண்டும் என்று ஒரு வரம்பும் வைத்திருந்தேன். நேற்றிரவு அது முதன்முறையாக நிறுத்தியது.

```
parts: rows=12400 delete=4712 insert=4703 update=61
HALT: delete 38.0% > MAX_DELETE_PCT 10
```

கோப்பைத் திறந்து பார்த்தேன். பாதியில் அறுந்ததாகத் தெரியவில்லை, 12,398 வரிகள் இருக்கின்றன. பட்டியல் முழுமையாக இருக்கும்போது இது பொய் எச்சரிக்கைதானே? வரம்பை 50 ஆக்கி ஓடவிடலாமா? காலையிலிருந்து நேற்றைய இருப்பே இணையத்தில் தெரிவதால் முதலாளி அவசரப்படுத்துகிறார்.

ராயபுரம்

கோப்பு முழுமையாக இருக்கிறதா என்று முதலில் பார்த்தது சரியான செயல். பெரும்பாலும் கோப்பு ஏறிக்கொண்டிருக்கும்போதே ஸ்கிரிப்ட் படித்துவிடுவதால்தான் இப்படி நிற்கும். உங்கள் கோப்பில் வரிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ முழுதாக இருப்பதால் அந்தக் காரணம் இல்லை. ஆகவே ஒரு முறைக்கு மட்டும் வரம்பை உயர்த்தி ஓட்டலாம் என்பது என் கருத்து. எங்கள் அலுவலகத்தில் கோப்புகளுக்கு rsync-இன் --max-delete வைத்திருக்கிறோம். அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது.

திருவொற்றியூர்

தயவுசெய்து உயர்த்தாதீர்கள். ராயபுரத்து நண்பர் சொன்னதில் முதல் பாதி சரி. அறுந்த கோப்பு இல்லை என்பது தெளிவு. ஆனால் அதனாலேயே கோப்பு நல்லது என்று ஆகிவிடாது. நீக்கம் 4,712, சேர்ப்பு 4,703 என்று இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக இருப்பதைப் பாருங்கள். சரக்கு உண்மையிலேயே போயிருந்தால் நீக்கம் மட்டும் ஏறியிருக்கும். இரண்டும் சேர்ந்து ஏறினால், அதே சரக்கு வேறு பெயரில் வந்திருக்கிறது என்று பொருள். அதாவது பாகஎண் உருமாறியிருக்கிறது. பழைய எண்ணை ஸ்கிரிப்ட் தேடுகிறது, காணவில்லை, நீக்கச் சொல்கிறது. புதிய எண்ணைப் பார்த்துப் புதுச் சரக்கு என்று சேர்க்கச் சொல்கிறது.

உங்கள் பாகஎண்கள் சுழியத்தில் தொடங்குமா? அப்படியானால், கோப்பை இடைநிலை அட்டவணையில் ஏற்றியிருப்பீர்கள் என்ற ஊகத்தில், இதை ஓட்டிப் பாருங்கள்.

```sql
SELECT count(*) FROM parts p
WHERE p.part_no LIKE '0%'
  AND EXISTS (SELECT 1 FROM parts_stage s
              WHERE s.part_no = ltrim(p.part_no, '0'));
```

rsync பற்றி ஒரு சொல். அதன் --max-delete=100 என்பது முன்கூட்டியே எண்ணிப் பார்த்து நிற்பதில்லை. நூறு கோப்புகள் வரை நீக்கிவிட்டு, மேற்கொண்டு நீக்குவதை மட்டும் விட்டுவிட்டு, முடிவில் 25 என்ற பிழை எண்ணோடு வெளியேறும். கேட்பவரின் ஸ்கிரிப்ட் ஒரு பதிவைக்கூடத் தொடாமல் நின்றிருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கருதினால் என்றாவது நூறு கோப்புகளை இழக்க நேரிடும்.

மணலி

எங்களுக்கும் இதே தொல்லைதான். 2025 செப்டம்பர் 22 அன்று வாகன உதிரிபாகங்களுக்கான ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்தபோது, ஏறத்தாழ எல்லாப் பதிவுகளிலும் வரி மாறியது. அதற்கும் ஸ்கிரிப்ட் நின்றது. மாற்றம் உண்மையானதுதானே என்று வரம்பையே எடுத்துவிட்டோம். நீங்களும் அவ்வாறே செய்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

தண்டையார்பேட்டை, கேட்பவர்

திருவொற்றியூர் ஐயாவுக்கு மிக்க நன்றி. வினவல் 4,691 என்று விடை தந்தது. மீதமிருந்த 21 எண்களைக் கண்ணால் பார்த்தேன். அவற்றில் 19 எண்கள் 412E10 போன்றவை. கோப்பில் அவை 4.12E+12 என்று மாறியிருக்கின்றன. இரண்டு மட்டுமே உண்மையில் நிறுத்தப்பட்ட சரக்குகள். கணக்குப் பிரிவில் விசாரித்தபோது, ஒரு விலையைச் சரிபார்க்கக் கோப்பை எக்செலில் திறந்து, மூடும்போது சேமித்துவிட்டதாக ஒருவர் சொன்னார். ஒன்று மட்டும் புரியவில்லை. எண் மட்டும்தான் மாறியது என்றால் 4,710 சேர்ப்புகள் வந்திருக்க வேண்டுமே, ஏன் ஏழு குறைகிறது?

திருவொற்றியூர்

அந்த ஏழுதான் உங்களுக்குப் பெரிய இழப்பைத் தந்திருக்கும். 0451, 00451 என்று இரு வேறு சரக்குகள் இருந்தால், சுழியம் போனபின் இரண்டும் 451 ஆகிவிடும். அல்லது 451 என்றே மூன்றாவது சரக்கு ஒன்று ஏற்கெனவே இருந்தால், அதன் விலை இன்னொன்றின் விலையால் அழிக்கப்படும். அது நீக்கத்திலும் வராது, சேர்ப்பிலும் வராது, அந்த 61 திருத்தங்களுக்குள் அமைதியாக உட்கார்ந்திருக்கும். இடைநிலை அட்டவணையில் ஒரே எண் இரு முறை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சதவீதத்தைக் கணக்கிடுவதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். பில்லிங் மென்பொருளிலிருந்து கோப்பைப் புதிதாக எடுங்கள். கெட்டுப்போன கோப்பைத் திருத்த முயல வேண்டாம், ஏனெனில் எத்தனை சுழியங்கள் போயின என்பதைக் கோப்பு இனிச் சொல்லாது.

மணலி நண்பருக்கு: வரி மாறிய அன்று நின்றது நீக்க வரம்பா, திருத்த வரம்பா? இரண்டும் வெவ்வேறு எண்களாக இருப்பது நல்லது. அன்று போன்ற நாள்களில் வரம்பை எடுக்காமல், அந்த ஓர் ஓட்டத்துக்கு மட்டும் எத்தனை திருத்தங்களை எதிர்பார்க்கிறோம் என்ற எண்ணைக் கட்டளையிலேயே கொடுக்கலாம். ஸ்கிரிப்ட் கணக்கிட்ட எண்ணும் நீங்கள் கொடுத்த எண்ணும் பொருந்தாவிட்டால் அது மீண்டும் நிற்கும். மறுநாள் பழைய வரம்பு தானாகத் திரும்பிவிடும்.

மணலி

எங்களிடம் இரண்டுக்கும் ஒரே வரம்புதான் இருந்தது. எடுத்ததைத் திரும்ப வைக்கவில்லை என்பது இதைப் படிக்கும்போதுதான் நினைவுக்கு வருகிறது.

ராயபுரம்

rsync பற்றி நான் தவறாக நினைத்திருந்தேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு ஓர் ஐயம். எங்கள் கிளைகளின் பட்டியலில் 18 பதிவுகளே உள்ளன. இரண்டு கிளைகளை மூடினாலே பதினொரு விழுக்காடு ஆகிவிடுகிறது; அங்கே இந்த வரம்பு தினமும் தொல்லை தராதா?

திருவொற்றியூர்

தரும். சிறிய அட்டவணைகளுக்கு விழுக்காடு மட்டும் போதாது. பத்து விழுக்காட்டைத் தாண்ட வேண்டும், அதோடு குறைந்தது ஐந்து பதிவுகளாவது இருக்க வேண்டும் என்று இரண்டையும் சேர்த்து வைக்கலாம். ஆனால் நான்கு பதிவுகளே உள்ள அட்டவணை முழுவதும் அழிந்தாலும் அது நிற்காது. ஆகவே அட்டவணை காலியாகும் நிலை வந்தால் எண்ணிக்கை எதுவானாலும் நிறுத்த வேண்டும். நாளுக்கு எட்டு விழுக்காடாகப் பத்து நாள்கள் கரைந்தால் என்ன செய்வது என்பதற்கு என்னிடம் நல்ல விடை இல்லை. வாரத் தொடக்கத்து எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பருவத்தில் சரக்கு மாறும் வாரங்களில் அது வீணாக நின்றது.

தண்டையார்பேட்டை, கேட்பவர்

புதிய கோப்போடு ஓட்டினேன். நீக்கம் 2, சேர்ப்பு 0, திருத்தம் 58. நேற்றைய 61-இல் இருந்து மூன்று குறைந்திருக்கிறது. அந்த மூன்றும் 451 போன்ற எண்கள்தாமா என்று இடைநிலை அட்டவணையின் நகலில் தேடிக்கொண்டிருக்கிறேன். இப்போதைக்கு ஒன்று உறுதியாகியிருக்கிறது. அம்மூன்றில் ஒன்று பிரேக் டிரம், அதற்கு நேற்றைய கோப்பு தந்த விலை ஒரு ரப்பர் புஷ்ஷின் விலை.