ஐந்து நாளாக மலம் போகவில்லை, இப்போது தண்ணீராகக் கசிகிறது: எனிமா கொடுக்கலாமா?

யாங்கோன் மகள்:
அம்மாவுக்கு 74 வயது. வலது இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி ஐந்து நாள் ஆகிறது. டிரமடால், இரும்புச்சத்து மாத்திரை இரண்டும் போகின்றன. அன்றிலிருந்து மலமே போகவில்லை; நேற்றிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீராகக் கசிகிறது. இங்கே வார்டில் கூட இருந்து பார்ப்பது நாங்கள்தானே. பக்கத்துப் படுக்கைக்காரர் பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுக்கச் சொல்கிறார், நர்ஸ் எனிமா வாங்கி வரச் சொல்கிறார். எதைக் கேட்பது?

மோல்மேன் மாமா:
எனிமாதான் அம்மா. எங்கள் வீட்டில் சோப்பைக் கரைத்து, நாற்காலியில் உட்கார வைத்தே கொடுப்போம். உடனே போய்விடும்.

இரண்டு பிள்ளைத் தாய்:
என் மூன்று வயதுப் பையனும் இரண்டு நாளாகப் போகவில்லை. அதே பாட்டிலில் பாதி கொடுக்கலாமா?

பழைய வார்டு சிஸ்டர்:
பிள்ளைக்குப் பெரியவர் பாட்டில் வேண்டாம், தாயே. டாக்டரிடம் காட்டுங்கள்.

மகளே, பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். வலி மாத்திரை குடலை மந்தமாக்கும், இரும்பும் சேர்ந்தால் மலம் கல்லாகிவிடும். அடைத்த மலத்தைச் சுற்றிக் கசிவதுதான் இந்தத் தண்ணீராக இருக்கும். டாக்டரோ நர்ஸோ விரல் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். வயிறு உப்பி, வாந்தியும் இருந்தால் எனிமாவை எடுக்கவே கூடாது, முதலில் டாக்டர் பார்க்கட்டும்.

மாமா சொன்னதில் எனிமா சரி, மற்றது வேண்டாம். சோப்பு குடல் உள்தோலைப் புண்ணாக்கும். உட்கார வைத்துச் செருகினால் முனை குடல் சுவரில் குத்திவிடும். இடது பக்கம் படுக்க வைத்து, முழங்கால்களுக்கு நடுவில் தலையணை வையுங்கள்; ஆபரேஷன் கால் மடங்கி மறுபக்கம் விழக்கூடாது. எவ்வளவு மடக்கலாம் என்று ஆபரேஷன் செய்த டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பாட்டிலை வெதுவெதுப்பாக்கி, முனைக்கு ஜெல்லி தடவி, தொப்புளை நோக்கிச் சாய்த்து மெதுவாக உள்ளே விட வேண்டும். தடுத்தால் அழுத்தாதீர்கள். மெதுவாகப் பிழிந்து, சில நிமிடம் அடக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வலி, ரத்தம், தலைசுற்றல், வியர்வை எது வந்தாலும் நிறுத்திவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும்: அம்மாவுக்குச் சிறுநீரகக் கோளாறு உண்டா? கடையில் கிடைப்பது பெரும்பாலும் பாஸ்பேட் எனிமா. சிறுநீரகம் பலவீனமான முதியவருக்கு அது ஆபத்து, பாஸ்பேட் ஏறி கால்சியம் இறங்கிவிடும். கொடுத்தது வெளியே வராமல் நின்றால் இரண்டாவது பாட்டில் வேண்டாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.

யாங்கோன் மகள்:
நல்ல வேளை கேட்டீர்கள், சிஸ்டர். கிரியாட்டினின் கொஞ்சம் கூடுதல்தான். டாக்டர் விரல் விட்டுப் பார்த்தார், கல்லாகத்தான் இருக்கிறதாம். பாஸ்பேட்டை வேண்டாம் என்று சொல்லி, கிளிசரின் வைத்திருக்கிறார்கள். இசப்கோலும் தொடங்கலாமா?

பழைய வார்டு சிஸ்டர்:
அடைப்பு போகும்வரை வேண்டாம். தண்ணீர் குறைவாகக் குடிப்பவருக்கு அது இன்னும் இறுகும். டிரமடாலோடு மலம் இளக்கும் மருந்து முதல் நாளிலிருந்தே எழுதியிருக்க வேண்டும், அதைக் கேளுங்கள்.

யாங்கோன் மகள்:
கேட்டேன். வலி மருந்தை மாற்றுவதா என்று நாளை பார்க்கலாம் என்கிறார்கள்.